‘டவுன்சாம்ப்ளிங்’ தமிழில் எப்படி? கையேடு வெள்ளிக்கிழமை போகிறது

கயல்:
வணக்கம். சர்வர் கண்காணிப்புக் கையேட்டின் தமிழாக்கத்தில் ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. 15 வினாடிக்கு ஒருமுறை எடுத்த அளவீடுகளை, நாள்பட்ட பிறகு 5 நிமிடத்துக்கு ஒன்று, இன்னும் பழசானால் மணிக்கு ஒன்று என்று குறைத்து வைக்கும் வேலைக்கான சொல் அது. வரைவில் ‘கீழ்மாதிரியாக்கம்’ என்று போட்டேன். படித்த மாணவர்கள் ‘தரம் குறைந்த மாதிரி’ என்று எடுத்துக்கொண்டார்கள். ‘சுருக்கம்’ என்றும் போட முடியாது. எதையும் இழக்காமல் பைட்டுகளைக் குறைக்கும் கம்ப்ரெஷனுக்கு முந்தைய இயலிலேயே அதைக் கொடுத்துவிட்டோம்.

அரங்கன்:
தொகு, தொக்கு, தொகுதி, தொகை என்று ஒரு வேரே நமக்கு இருக்கிறதே! பல சொல் ஒரு சொல்லாய் நிற்பது தொகை. பல அளவீடு ஒன்றாய் நிற்பதும் தொகைதான். வழிநூல் வகைகளில் தொல்காப்பியம் முதலில் வைப்பதே தொகுத்தலைத்தான். ‘காலத்தொகை’ என்று வையுங்கள்.

செல்வம்:
‘மாதிரி’யை விடக்கூடாது. நான் ஒலிப்பதிவில் வேலை செய்பவன். இருபதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விடுவதற்குத்தான் இந்தப் பெயர். பொருள் சரியாக இருக்கும்போது மாணவர்களுக்கு விளக்கிச் சொன்னால் போதும்.

மீனாட்சி:
செல்வம், ஒலியிலும் வடிகட்டிய பிறகுதானே இருபதில் ஒன்றை எடுப்பீர்கள்? மெட்ரிக்ஸ் எனும் சர்வர் அளவீடுகளில் பெரும்பாலும் ஒன்றைப் பொறுக்குவதே கிடையாது, இருபதையும் சேர்த்துக் கணக்கிடுகிறோம். ஒரு சர்வரின் பதில் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 5 நிமிடத்தில் 20 அளவீடு. அதில் 19 தடவை 40 மில்லிவினாடி, ஒரே ஒரு தடவை 2000. சராசரி 138 வரும். அந்த 138ஐ மட்டும் வைத்தால் 2000 நடந்த தடயமே போய்விடும். பெருமத்தையும் கூடவே வைத்தால்தான் தெரியும்.

ஜோசப்:
பழைய தரவை எத்தனை நாள் வைக்கலாம் என்பதுதானே கேள்வி? நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் சராசரியை மட்டும் வைத்திருந்தார்கள். போன வருட உச்சம் என்ன என்று வரைபடத்தில் பார்த்து, அதை நம்பிப் புது சர்வர் வாங்கினோம். பயனர் கூட்டம் மோதிய முதல் நாளிலேயே அது திணறிவிட்டது. வரைபடத்தில் ஒரு நாளைப் பார்த்தால் உச்சம் உயரமாக இருக்கும், ஒரு வருடமாக விரித்தால் அதே உச்சம் குட்டையாகிவிடும். அப்படித் தெரிந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

மீனாட்சி:
ஜோசப், கேள்வி அது இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அடையாளத்தைக் கையேட்டில் சேர்க்கவேண்டும். அரங்கன் ஐயா, ‘தொகை’யில் எனக்கு ஒரு தயக்கம். பாற்குடத்தைப் ‘பாலைக் கொண்ட குடம்’ என்று விரித்துவிடலாம், மறைந்த உருபும் பயனும் திரும்பி வரும். 138ஐ எப்படி விரிப்பீர்கள்? போனது போனதுதான். அந்த இழப்பு சொல்லில் தெரியவேண்டும். அதனால் ‘செறிவுக் குறைப்பு’ என்பேன். ஒரு நாளில் 5760 புள்ளி நின்ற இடத்தில் 24 புள்ளி நிற்கிறது, அவ்வளவுதான்.

அரங்கன்:
செறிவு வேதியியல்காரர்களின் சொல், கரைசலுக்குப் போய்விட்டது. அப்புறம், சராசரி விரியாது என்பது சரி. அதை மட்டுமே வைக்கும் அமைப்பைத்தானே அது குறை சொல்கிறது? நல்ல அமைப்பு எதை வைக்கிறது?

மீனாட்சி:
கூட்டுத்தொகை, எண்ணிக்கை, சிறுமம், பெருமம். சராசரியை வைப்பதில்லை, கேட்கும்போது வகுத்துக்கொள்ளலாம். காரணம் உண்டு. ஒரு 5 நிமிடத்தில் 20 அளவீடு, சராசரி 40. அடுத்த 5 நிமிடத்தில் சேகரிப்பான் இடையில் நின்றுபோய் 4 அளவீடுதான் வந்தது, சராசரி 400. இரண்டு சராசரிக்கும் சராசரி போட்டால் 220. உண்மையில் 800ம் 1600ம் சேர்ந்து 2400. அதை 24ஆல் வகுத்தால் 100தான். மணிக்கணக்குக்கு ஏறும்போது இந்தத் தவறு சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

அரங்கன்:
பாருங்கள், நீங்களே கூட்டுத்தொகை என்கிறீர்கள். ஐந்து நிமிடத் தொகைகளைச் சேர்த்தால் மணித் தொகை பிழையின்றி வருகிறது. தொகை மேல் தொகை ஏறுகிறது, செறிவு அப்படி ஏறுமா?

செல்வம்:
அப்படியானால் நூற்றில் 99 அளவீடு எதற்குள் அடங்கும் என்று காட்டும் 99ஆம் விழுக்காட்டு மதிப்பை எந்தத் தொகையில் வைப்பீர்கள்? அது கூட்டினாலும் வராது, சராசரி போட்டாலும் வராது.

மீனாட்சி:
வராது. எந்த வீச்சில் எத்தனை அளவீடு விழுந்தது என்ற எண்ணிக்கைகளை வைத்தால் அவற்றைக் கூட்டலாம். அதிலிருந்து தோராயமாகத்தான் எடுக்கமுடியும். வீச்சுகள் அகலமாக இருந்தால் பிழையும் பெரிதாகும்.

கயல்:
நன்றி. நாலு பேர் தனி மடலில் ‘செறிவுக் குறைப்பு’ என்று சொல்லிவிட்டார்கள், அதையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘டவுன்சாம்ப்ளிங் எனும் செறிவுக் குறைப்பு’ என்று வரும். நான்கு மதிப்புகளை வைக்கும் பகுதிக்குத் ‘தொகைப்பதிவு’ என்று தலைப்பிடுகிறேன்.

அரங்கன்:
தலைப்புக்கு ஒத்துக்கொள்கிறேன். செறிவுக்கு இல்லை. அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.