கரும்பு லாரிக்கு டோக்கன் கொடுத்தால் போதுமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

செல்வம், துவாஸ்: கன்டெய்னர் லாரிகளுக்கு நேரம் ஒதுக்குவது என் வேலை. பொங்கல் லீவில் விழுப்புரம் பக்கம் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் கரும்பு ஆலைக்குப் போனது. சாயந்தரம் யார்டுக்குள் நுழைந்த லாரி எடை மேடை ஏறும்போது விடிந்துவிட்டது. அதுவரை காய்ந்து குறைந்த எடை எங்களுக்குத்தான் நஷ்டம். இங்கே சிங்கப்பூர் மாதிரி லாரிக்கு நேரம் குறித்து டோக்கன் கொடுத்தால் தீர்ந்துவிடாதா?

கிருஷ்ணன், உட்லண்ட்ஸ்: தம்பி, நான் ஆலையில் கரும்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது மகள் வீட்டில். கன்டெய்னர் காத்திருந்தால் வாடகை ஏறும், அவ்வளவுதான். கரும்புக்கு அரிவாள் பட்ட நிமிடமே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போய்விட வேண்டும். வாசலில் மட்டும் நேரம் கொடுத்தால் வரிசை வயலுக்கு இடம் மாறும், கரும்பு அங்கே கிடந்து காயும்.

கணக்குப் பாருங்கள். நாளுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலை மணிக்குச் சுமார் 100 டன் தின்னும். லாரிக்கு 16 டன் என்றால் மணிக்கு ஆறு லாரி. ஆட்கள் விடியற்காலையில் வெட்டி, மத்தியானத்துக்கு மேல் ஏற்றுவார்கள். மாலை 4 முதல் 8 மணிக்குள் 60 லாரி வந்தால் 24 உள்ளே போகும், மீதி 36 நிற்கும். கடைசி லாரிக்கு இன்னும் ஆறு மணி நேரம். அதே ஆலை விடியற்காலையில் கரும்பில்லாமல் தடுமாறும்.

அதனால் வெட்டு உத்தரவையே பிரித்துக் கொடுப்போம். தூரத்து ஊர்க்காரர்கள் மத்தியானத்துக்குப் பிறகு வெட்டி, ராத்திரி 2 மணிக்கு வந்து சேர வேண்டும். பக்கத்து ஊர் டயர் வண்டிகள் பகலில். மில் பழுதாகி நின்றால் முதல் போன் வெட்டு மேஸ்திரிக்கு, டிரைவருக்கு அப்புறம்தான்.

ரவி, ஈசூன்: கரும்பில் காய்ந்த சோகையைக் கொளுத்திவிட்டு வெட்டினால் வேலை சீக்கிரம் முடியுமே அண்ணே?

கிருஷ்ணன், உட்லண்ட்ஸ்: வெட்டு சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் எரிந்த கரும்பு பச்சைக் கரும்பைவிட வேகமாகக் கெடும். வெட்டு முனையில் புளித்த வாடை வந்தாலே சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். லாரி உடனே உள்ளே போகும் என்ற உறுதி இல்லாமல் கொளுத்தாதீர்கள்.

மீனா, பொங்கோல்: எங்கள் தஞ்சாவூரிலும் இதே கதைதான். கொள்முதல் நிலையத்தில் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பிவிடுவார்கள். அப்பா தார்ப்பாயோடு ராத்திரி காவல் கிடப்பார்.

செல்வம், துவாஸ்: அக்கா, நெல்லைக் காயவைத்து மறுபடி கொண்டுபோகலாம். கரும்பு காய்ந்தால் போனதுதான். கிருஷ்ணன் சார், ஒரு சந்தேகம்: வெட்டும் ஆட்களுக்கு டன் கணக்கில் கூலி. மத்தியானம் வரை சும்மா இருங்கள் என்றால் ஒத்துக்கொள்வார்களா?

கிருஷ்ணன், உட்லண்ட்ஸ்: அங்கேதான் தம்பி நாங்களும் மாட்டினோம். பாதிப் பேர் வேறு ஆலைப் பகுதிக்குப் போய்விட்டார்கள். காத்திருப்புக் கூலியை யார் கொடுப்பது என்ற பேச்சு நான் ஓய்வு பெறும்வரை முடியவில்லை.