வேலையிலிருந்து நீக்கியது தவறு என்று தீர்ப்பு வந்த பிறகு: பின்சம்பளம் எனக்குப் பாதிதான் கிடைத்தது, ஏன்?

ஆம்பூர் கட்டிங் பிரிவு

இந்த ஊர்ப்பக்கம் ஷூ கம்பெனியிலும் தோல் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அதனால் என் வழக்கை முழுதாகச் சொல்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

கட்டிங் பிரிவில் 11 வருஷம் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தேன். 2012 மார்ச்சில் தோல் துண்டுகளை வெளியே கொண்டுபோனதாகச் சொல்லி மெமோ கொடுத்து, உள்விசாரணை நடத்தி, டிஸ்மிஸ் செய்தார்கள். அப்போது மாதச் சம்பளம் 9,400 ரூபாய். விசாரணையில் கேட் செக்யூரிட்டி சொன்ன சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்ய எனக்கு வாய்ப்பே தரவில்லை. நான் கேட்டதை எழுதிக்கொள்ளவும் இல்லை.

வேலூர் தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுத்தேன். சமரசம் முறிந்தது. அப்புறம் வேலூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு. முதலில் உள்விசாரணை முறையாக நடந்ததா என்பதை மட்டும் தனியாக எடுத்து, முறையாக நடக்கவில்லை என்று சொன்னார்கள். அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே புதிதாக நிரூபிக்க நிர்வாகம் அனுமதி கேட்டது, கிடைத்தது. அதே செக்யூரிட்டி கூண்டில் ஏறினார். பையில் தோல் இருந்ததைத் தன் கண்ணால் பார்க்கவில்லை, இன்னொருவர் சொல்லித்தான் எழுதினேன் என்றார். வழக்கு அங்கேயே சாய்ந்தது.

2017 ஆகஸ்டில் தீர்ப்பு: மீண்டும் வேலை, பணித்தொடர்ச்சி, ஆனால் பின்சம்பளம் 50 சதவீதம். டிஸ்மிஸ் ஆன நாளிலிருந்து 65 மாதம். முழுதாக வந்திருந்தால் 6,11,000 ரூபாய். எனக்கு வந்தது 3,05,500.

காரணம் நான் சொன்ன பதில்தான். குறுக்கு விசாரணையில் "இத்தனை வருஷம் எப்படிச் சாப்பிட்டீர்கள்?" என்று நிர்வாக வக்கீல் கேட்டார். "வேலை இல்லாமல் சும்மா இருந்தேன்" என்றேன். வேலூர் மார்க்கெட்டில் மூட்டை இறக்கியதைச் சொன்னால் பணம் போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அடுத்த கேள்வியிலேயே மார்க்கெட்டில் என்னைப் பார்த்தவரின் பெயரைச் சொல்லிக் கேட்டார். ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள், நாளுக்கு 250 ரூபாய் கூலி, அவ்வளவுதான். ஆனால் முதலில் மறைத்தது தீர்ப்பில் எழுதப்பட்டுவிட்டது.

வாணியம்பாடி மெஷின்மேன்

அண்ணா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். டிஸ்மிஸ் தப்பு என்று தீர்ப்பு வந்தாலே முழுச் சம்பளமும் தானாகக் கொடுத்தாக வேண்டும், அதுதான் சட்டம். நீங்கள் வேறு எங்கே சம்பாதித்தால் அவர்களுக்கு என்ன? பாதியாகக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமே கிடையாது. அப்பீல் போயிருக்க வேண்டும்.

ராணிப்பேட்டை சங்கக்காரர்

தம்பி சொல்வதில் பாதி சரி. முழுப் பின்சம்பளம் என்பதுதான் பொதுவான வழக்கம் என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் ஹிந்துஸ்தான் டின் வொர்க்ஸ் வழக்கில் சொன்னது. ஆனால் அந்த வழக்கிலேயே கடைசியில் 75 சதவீதம்தான் கொடுத்தது. அதனால் குறைக்க அதிகாரம் இல்லை என்பது சரியில்லை. தண்டனையை மாற்றுகிற அதிகாரம் தொழில் தகராறுகள் சட்டத்தின் 11ஏ பிரிவில் இருக்கிறது, அதோடு பின்சம்பளம் எவ்வளவு என்பதும் வரும்.

கட்டிங் தம்பிக்கு நடந்ததற்கு நேர் விடை 2013-இல் வந்த தீபாலி குண்டு சுர்வசே தீர்ப்பில் இருக்கிறது. மகாராஷ்டிரத்து ஆசிரியை ஒருவரின் வழக்கு அது. உயர்நீதிமன்றம் அவருடைய பின்சம்பளத்தை எடுத்துவிட்டது, உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. அதில் தொழிலாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வேறு வேலை கிடைக்கவில்லை, அல்லது முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்தில் இருந்தேன் என்று கோரிக்கை மனுவிலோ முதல் சாட்சியத்திலோ சொல்ல வேண்டும். அதன்பிறகு, பழைய சம்பளத்துக்கு ஈடாக அவர் சம்பாதித்தார் என்று நிரூபிக்கிற சுமை முதலாளி தலையில் ஏறுகிறது.

"குறைந்த சம்பளத்தில்" என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். நாளுக்கு 250, மாதம் பன்னிரண்டு நாள் என்றால் 3,000 ரூபாய். 9,400-க்குப் பக்கத்தில்கூட வராது. முதல் நாளே அதை எழுதிக் கொடுத்திருந்தால் அது உங்களுக்குச் சாதகமான சாட்சியம். மறைத்ததால் அது எதிராளியின் ஆயுதமாகிவிட்டது. மூட்டை தூக்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றியது குற்றமில்லை. மனு எழுதும்போது சங்க ஆட்கள்கூட இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

குடியாத்தம் அம்மா

அண்ணா, என் வீட்டுக்காரருக்கு வேலையே கிடைக்கவில்லை, பணம்தான் கொடுத்தார்கள். ஓர் உள்ளாட்சி அமைப்பில் தண்ணீர் பம்ப் போடுகிற வேலை, தினக்கூலி. ஆறு வருஷம். வருஷத்துக்கு 240 நாளுக்கு மேல் வருகைப் பதிவேடு இருந்தது. ஒருநாள் "நாளையிலிருந்து வராதே" என்றார்கள். நோட்டீசும் இல்லை, இழப்பீடும் இல்லை. வேலூர் நீதிமன்றம் மீண்டும் வேலை கொடுக்கச் சொன்னது. உயர்நீதிமன்றத்தில் அதை ஒன்றரை லட்சம் ரூபாயாக மாற்றிவிட்டார்கள். நீக்கியது தவறு என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். தவறு என்றால் வேலையைத்தானே கொடுக்க வேண்டும்? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

காட்பாடி சூப்பர்வைசர்

இதே மாதிரிதான் எனக்கும். ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன், ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள். கிராஜுவிட்டியும் தரவில்லை. நானும் வேலூர் தொழிலாளர் நீதிமன்றம் போகலாமா? பின்சம்பளம் எத்தனை மாதம் கிடைக்கும்?

ராணிப்பேட்டை சங்கக்காரர்

சூப்பர்வைசர் தம்பி, உங்களுடையது வேறு விஷயம். நீங்கள் சட்டத்தில் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி. உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அது முடிவாகும், பதவியின் பெயரை வைத்து அல்ல. கிராஜுவிட்டிக்கு அதற்கான அதிகாரியிடம் தனி மனு உண்டு, அதை இந்த வழக்கோடு குழப்ப வேண்டாம். ராஜினாமாவை எப்படி வாங்கினார்கள் என்று தனியாக எழுதுங்கள், பேசுவோம்.

குடியாத்தம் தங்கச்சிக்கு வருகிறேன். 240 நாள் வேலை பார்த்தவரை நோட்டீசும் ஆட்குறைப்பு இழப்பீடும் கொடுக்காமல் நிறுத்தக்கூடாது என்பது 25எஃப் பிரிவு. அதை மீறினார்கள், அதனால் நீக்கியது செல்லாது. ஆனால் நிரந்தரம் ஆகாத தினக்கூலிக்கு அந்த மீறல் மட்டும்தான் குறை என்றால், 2013-இல் பி.எஸ்.என்.எல் - புருமல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி வேறு. மீண்டும் வேலைக்கு எடுத்தாலும் நிர்வாகம் மறுநாளே நோட்டீசும் இழப்பீடும் கொடுத்து முறைப்படி நிறுத்திவிடலாம். வேலையில் நிரந்தரமாகும் உரிமையும் இல்லை. அப்படியிருக்க, மீண்டும் சேர்ப்பதில் பயனில்லை, பணமாகக் கொடுங்கள் என்பது நீதிமன்றத்தின் பேச்சு.

ஆனால் அதே தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்குப் பிறகு சேர்ந்த தினக்கூலிகளை வைத்துக்கொண்டு இவரை மட்டும் நிறுத்தியிருந்தால், அல்லது அப்படிச் சேர்ந்தவர்களை நிரந்தரமாக்கியிருந்தால், இவருக்கு வேலை மறுக்கக் கூடாது. அதற்கு ஆதாரம் யார் பேர், எப்போது சேர்ந்தார், இன்னும் இருக்கிறாரா என்ற பட்டியல்தான். பம்ப் ஆபரேட்டர்கள் வேறு யாராவது இருந்தார்களா?

குடியாத்தம் அம்மா

இருந்தார்கள் அண்ணா. இரண்டு பேர் இவருக்குப் பிறகு வந்தவர்கள், ஒருவர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். எங்கள் வக்கீல் அதைக் கேட்கவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை. இப்போது என்ன செய்ய முடியும்?

ராணிப்பேட்டை சங்கக்காரர்

அந்த வழக்கு முடிந்து எத்தனை காலம் ஆயிற்று என்பதைப் பொறுத்தது. பணத்தை வாங்கிக்கொண்டீர்களா என்பதும் முக்கியம். தீர்ப்பு நகலோடு உயர்நீதிமன்ற வக்கீல் ஒருவரைப் பாருங்கள். இங்கிருந்து நான் நம்பிக்கை கொடுத்தால் அது பொய்யாகிவிடும்.

வாணியம்பாடி மெஷின்மேன்

சரி அண்ணா, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன். ஆனால் கட்டிங் அண்ணா நிரந்தரத் தொழிலாளி. அவர் வழக்கிலும் பணம் மட்டும் கொடுத்து முடித்திருக்க முடியுமா?

ராணிப்பேட்டை சங்கக்காரர்

முடியும், ஆனால் அதற்கு வேறு காரணம் வேண்டும். கம்பெனி மூடப்பட்டுவிட்டால் எங்கே சேர்ப்பது? வழக்கு இழுத்துக்கொண்டே போய், ஓய்வு வயதைத் தாண்டிவிட்டால் வேலை கிடையாது, அந்த வயது வரைக்குமான பின்சம்பளம் பற்றித்தான் பேச்சு. பணத்தைக் கையாளும் வேலையில் நம்பிக்கை போய்விட்டது என்றும் நிர்வாகம் வாதாடும். ஆனால் குற்றமே நிரூபிக்கப்படாத இடத்தில் வாயால் சொன்னால் மட்டும் போதாது.

ஆம்பூர் கட்டிங் பிரிவு

நிர்வாகம் எனக்கும் அதைத்தான் வாதாடியது. திருட்டு நிரூபிக்கப்படாததால் எடுபடவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பரில் நிர்வாகம் உயர்நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கியது. என் வக்கீல் உடனே 17பி பிரிவில் மனு போட்டார். மீண்டும் வேலை கொடுக்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்வரை, கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கொடுக்க வேண்டும், நாம் வேறு எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால். இந்த முறை நான் எதையும் மறைக்கவில்லை. மூட்டைக் கூலியை நாள் கணக்கோடு எழுதினேன். அது போதுமான ஊதியம் ஆகாது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 14 மாதம், 9,400 வீதம் 1,31,600 வந்தது. கம்பெனி வழக்கு 2019-இல் தள்ளுபடி ஆனது. அந்த ஜூனில் வேலைக்குத் திரும்பினேன், அதே மேஜை.

3,05,500-ஐ நிர்வாகம் செக்காகக் கொடுத்தது. ஆனால் நான் வெளியே இருந்த காலத்தில் சங்கத்தோடு ஊதிய ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்தை உயர்த்தியிருந்தார்கள். பணித்தொடர்ச்சி உண்டு என்றால் அந்த உயர்வையும் சேர்த்துத்தான் பாதியைக் கணக்கிட வேண்டும் என்பது என் வாதம். கடைசிச் சம்பளத்தில்தான் கணக்கு என்பது அவர்கள் வாதம். தீர்ப்பில் "பின்சம்பளம்" என்ற சொல் மட்டும் இருக்கிறது, எந்தச் சம்பளம் என்று இல்லை. 33சி(2) மனு போட்டிருக்கிறேன். அது இன்னும் நடக்கிறது.

ராணிப்பேட்டை சங்கக்காரர்

மனுவோடு அந்த ஊதிய ஒப்பந்தத்தின் நகலை வைத்தீர்களா? 33சி(2) என்பது ஏற்கெனவே உள்ள உரிமைக்குக் கணக்குப் போடுகிற இடம்தான். புது உரிமை கேட்கிறீர்கள் என்று நிர்வாகம் எதிர்க்கும். தீர்ப்பின் பணித்தொடர்ச்சி வரியைப் படி எடுத்து, ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுங்கள். இது எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே உறுதியில்லை.

புதிதாக வழக்குப் போடுபவர்களுக்கு ஒன்று. நாம் பேசியதெல்லாம் பழைய தொழில் தகராறுகள் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுத் தொகுப்பு நடப்புக்கு வந்துவிட்டது. டிஸ்மிஸ் ஆனவர் நேரடியாக வழக்குப் போட முன்பு மூன்று வருஷம் இருந்தது, புதியதில் இரண்டாகக் குறைந்திருக்கிறது. நாள் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் கட்டிங் பிரிவு

ஒப்பந்த நகல் வைக்கவில்லை ஐயா. சங்க அலுவலகத்தில் ஒரு படி இருக்கிறது என்றார்கள். திங்கள்கிழமை போய் வாங்கிக்கொள்கிறேன்.