கட்-ஆஃப் பேப்பரில் ஒரே வரி, கீழே ரெண்டு இனிஷியல்: நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

மணலி_லெட்ஜர்: மணலியில ஸ்கிராப் இறக்குமதி பண்ற கம்பெனி. ஆடிட் ஃபைல்ல மார்ச் 31 கொள்முதல் கட்-ஆஃப் பேப்பர்ல "சரிபார்த்தோம், சரியாக உள்ளது"ன்னு ஒரே வரி. கீழ சீனியர், பார்ட்னர் இனிஷியல். ஆனா சி.ஐ.எஃப். சரக்கு ஒண்ணு, 18 லட்சம், மார்ச் 19 கப்பல் ஏறி ஏப்ரல் 3 கோடவுனுக்கு வந்திருக்கு. மார்ச் ஸ்டாக்ல இல்ல. ரெண்டு பேர் பார்த்தும் எப்படித் தப்பிச்சது?

பழைய_வண்ணை: பக்கத்துக்குப் பக்கம் பார்ட்னர் கையெழுத்து இருந்தா தப்பாது. எஸ்.ஏ. 230 அதைத்தான் கேக்குது. தவிர, ஸ்டாக்கும் கிரெடிட்டரும் சேர்ந்தே குறையுது, லாபம் மாறல. இதுக்கு ஏன் இவ்வளவு?

ராயபுரம்_ஃபைல்: வண்ணை சார், பக்கத்துக்குப் பக்கம்னு எஸ்.ஏ. 230 கேக்கல. யார் ரிவ்யூ பண்ணாங்க, எப்போ, எந்த அளவுக்குன்னு ஃபைல்ல தெரியணும், அவ்வளவுதான். லாபம் மாறலேன்னாலும் பேலன்ஸ் ஷீட்ல ரெண்டு பக்கமும் 18 லட்சம் குறையுதே. பாஸ் பண்ணாத என்ட்ரின்னா திருத்தாத பிழைப் பட்டியல்ல ஏறணும்.

மணலி தம்பி, மார்ச் கடைசி அஞ்சு, ஏப்ரல் முதல் அஞ்சு ஜி.ஆர்.என். எடுத்து நம்பர், தேதி, கேட் என்ட்ரி, கணக்கு ஏறின மாசம் எல்லாம் எழுதினாலும் இது தப்பும். ஜி.ஆர்.என். ஏப்ரல், கணக்கும் ஏப்ரல், ரெண்டும் ஒத்துப்போச்சுன்னு டிக் விழுந்துடும். சி.ஐ.எஃப்.ல சரக்கு கப்பல் ஏறினதுமே ரிஸ்க் வாங்குறவர் தலையில. அதனால பில் ஆஃப் லேடிங் தேதிக்குத் தனிக் கட்டம் வேணும். அந்தக் கட்டம் இல்லாத பேப்பர்ல ரிவ்யூவர் இனிஷியல் போட்டா, அவர் டிக்கை மட்டும்தான் பார்த்திருக்கார்னு அர்த்தம்.

ரிவ்யூவர் பேப்பர்ல இருக்கிற ஒரு நம்பரை எடுத்து, அந்த வவுச்சரைக் கொண்டு வரச் சொல்லிப் பார்க்கணும். சந்தேகம்னா கேள்வி எழுதி, பதில் பேப்பருக்குள்ள ஏறினப்புறம்தான் தேதியோட கையெழுத்து. "கிளியர்ட்"னு மட்டும் எழுதிட்டுப் போறது பதில் இல்ல.

தண்டையார்பேட்டை_ஆர்ட்டிகிள்: அண்ணே, எங்க ஃபைல் முழுக்க எக்ஸெல். செல்லுல பேரும் தேதியும் டைப் பண்ணா போதுமா? ரிப்போர்ட் ஆகஸ்ட் 28. பார்ட்னர் செல்லுல ஆகஸ்ட் 26, ஆனா ஃபைல் கடைசியா மாறினது செப்டம்பர் 4.

ராயபுரம்_ஃபைல்: செப்டம்பர் 4ல என்ன மாறிச்சுங்கிறதுதான் கேள்வி. இண்டெக்ஸ் போட்டு அடுக்கினதுன்னா தப்பில்ல, ஃபைலைக் கட்ட 60 நாள் இருக்கு, அக்டோபர் 27 வரைக்கும். புதுசா டெஸ்ட் பண்ணி எண் சேர்த்திருந்தா, ரிப்போர்ட்டுக்கு அப்புறம் ஏன் பண்ணோம், யார் பண்ணாங்க, யார் பார்த்தாங்க, முடிவு என்னன்னு எழுதணும். 26ன்னு விட்டு வைக்கக் கூடாது.

பழைய_வண்ணை: அப்போ டைப் பண்ண பேரு கையெழுத்தா இல்லையா? அதுக்குப் பதில் சொல்லலையே.

ராயபுரம்_ஃபைல்: யார் வேணா அந்தச் செல்லை மாத்தலாம்னா என் கணக்குல இல்ல. லாக் பண்ணி, லாகின் பதிவு இருந்தா ஏத்துக்குறவங்க உண்டு.