பொருள்: பெயருக்குக் கீழே வரும் அந்த ஒற்றை வரிக்கு என்ன சொல்?

மீனாட்சி, கும்பகோணம்

வணக்கம். வேலை தேடும் பிள்ளைகளுக்காக லிங்க்டுஇன் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயருக்கு நேர் கீழே, திரையில் Headline என்று காட்டும் பெட்டி இருக்கிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும். "தலைப்பு" என்று போட்டுப் பார்த்தேன். படித்துப் பார்த்த பிள்ளைகள் கட்டுரைக்கு வைப்பதுபோல் "உழைப்பே உயர்வு" என்று எழுதித் தருகிறார்கள். நான் கேட்பதோ பணியும் வல்லமையும் ஒரே வரியில். "தொழில்வரி" சரிவருமா?

கலியமூர்த்தி, திருவாரூர்

அம்மா, தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஆண்டுக்கு இரண்டு தவணை. வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்து நிறுவனமே நகராட்சியில் கட்டிவிடும். வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு வருமானமே இல்லையே, அவர்களுக்கு எதற்கு அந்தக் கவலை?

ராமலிங்கம், தஞ்சாவூர்

கலியமூர்த்தி ஐயா தெரிந்தோ தெரியாமலோ அந்தச் சொல்லை அடித்துவிட்டார். நல்லதுதான், வேறு தேடுவோம்.

நம்மிடம் ஆயிரம் ஆண்டாக ஒரு சொல் இருக்கிறது: மெய்க்கீர்த்தி. பெரிய கோயில் கல்வெட்டில் "திருமகள் போல" என்று தொடங்குவது அதுதான். இன்னார், இன்னின்ன செய்து முடித்தவர் என்று ஊரறியச் சொல்வது. அம்மையார் கேட்பதும் அதைத்தானே? "மெய்" என்று முன்னால் இருப்பதால் பொய் எழுதக் கூச்சமும் வரும்.

நூர்ஜஹான், நாகப்பட்டினம்

ராமலிங்கம் ஐயா, பொருளளவில் அழகான சொல். ஆனால் மெய்க்கீர்த்தியின் அமைப்பும் இந்தப் பெட்டிக்கு வேண்டிய அமைப்பும் நேர் எதிர். ஆள் எடுக்கும் வேலையில் தினமும் இந்த வரிகளைப் பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன்.

மெய்க்கீர்த்தி வென்ற நாடுகளையெல்லாம் வரிசையாக அடுக்கிவிட்டுக் கடைசியில்தான் அரசர் பெயருக்கும் ஆட்சியாண்டுக்கும் வரும். கல்லில் இடம் இருந்தது, படிப்பவரும் நின்று படித்தார். இந்தப் பெட்டியில் 220 எழுத்துக்குறிகள்தாம் (முன்பு 120). அந்த 220ம் முழுதாகத் தெரிவது உங்கள் பக்கத்தைத் திறந்தவருக்கு மட்டும். தேடல் முடிவிலும், நீங்கள் யாருக்காவது கருத்து எழுதும்போது பெயரடியிலும், இணைப்பு அழைப்பிலும் வரியின் முன்பகுதிதான் வரும். மீதியை மூன்று புள்ளி விழுங்கிவிடும். எந்த இடத்தில் வெட்டும் என்பது கைப்பேசியின் அகலத்தைப் பொறுத்தது. அதனால் எண்ணி எழுதிப் பயனில்லை, முக்கியமானதை முன்னால் வைப்பதுதான் வழி.

தமிழுக்கென்று தனிச் சிக்கலே இங்கேதான். நம் மொழியில் அடை முன்னால், பெயர் பின்னால். இயல்பாக எழுதினால் வல்லமை முதலில் வந்து பணி கடைசிக்குப் போய்விடும். வெட்டு விழும்போது அடிபடுவது பணி.

சொல் எதுவானாலும் கையேட்டில் இந்த வரிசையைச் சொல்லியாக வேண்டும்.

செந்தில், மன்னார்குடி

அக்கா, இது எனக்கே நேர்ந்தது மாதிரி இருக்கிறது. நவீன அரிசி ஆலையில் வேலை. இப்போது என் பக்கத்தில் இருப்பது இது:

"நவீன அரிசி ஆலையில் உற்பத்தி மேலாளராகப் பணிபுரிகிறேன், வேளாண் பொறியியல் பட்டதாரி, கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர், நல்ல வாய்ப்பை எதிர்நோக்கி"

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எண் ஒன்று போட்டால் கவனிப்பார்கள் என்று நண்பர் சொன்னார். "புழுங்கலில் 68 சதவீத அரிசி எடுப்பவர்" என்று போடலாமா?

நூர்ஜஹான், நாகப்பட்டினம்

செந்தில் தம்பி, எண் நல்லதுதான். இந்த எண் வேண்டாம். அரசு நெல்லை அரைத்துக் கொடுக்கும் எந்த ஆலையும் புழுங்கலுக்கு 68, பச்சரிசிக்கு 67 என்றுதான் கணக்குக் காட்ட வேண்டும். விதியை நிறைவேற்றினேன் என்பது வல்லமை ஆகாது. தொழில் தெரிந்தவர் பார்த்தால் "எல்லாருக்கும் அதுதானே" என்று தாண்டிப் போவார். அந்தக் கணக்கில் வரம்புக்குட்பட்ட நொய்யும் சேர்ந்திருக்கும், ஆகவே உங்கள் கைத்திறனை அது காட்டவும் காட்டாது.

உங்கள் வரியையே எடுத்துக்கொள்வோம். முதலில் நீக்க வேண்டியது, வேறு எவரும் அப்படியே எழுதிக்கொள்ளக்கூடியது: கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர். "நான் சோம்பேறி" என்று யாரும் எழுதப்போவதில்லை என்பதால் இவை எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. அடுத்து, பக்கத்தில் வேறு இடத்தில் இருப்பது: பட்டம் கல்விப் பகுதியில் இருக்கிறது. வாய்ப்பை எதிர்நோக்குவதைச் சொல்ல Open to work என்று தனி அமைப்பே உண்டு, ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம். இப்போது வேலை பார்க்கும் இடத்திற்குத் தெரியாமல் தேட நினைப்பவர், வரியிலேயே "வாய்ப்பை எதிர்நோக்கி" என்று எழுதினால் காரியம் கெட்டுப்போகும். ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தாலும் முழு இரகசியம் என்று நம்பிவிடாதீர்கள்.

"பணிபுரிகிறேன்" போன்ற வினைமுற்றும் வேண்டாம். பெயர் மேலேயே இருக்கிறதே.

மீதி நிற்பது "அரிசி ஆலை உற்பத்தி மேலாளர்". பணி ஆயிற்று. வல்லமைக்கு ஒரு கேள்வி: ஆலையில் என்ன கோளாறு வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்?

செந்தில், மன்னார்குடி

குறுவை அறுவடையில்தான் அக்கா. மழையோடு அறுப்பதால் நெல் ஈரமாக வரும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை என்பது வழக்கமான வரம்பு, தனியாரிடமிருந்து எங்களுக்கு வருவது அதற்கும் மேலே இருக்கும். பச்சரிசிக்கு 14க்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் சூடேற்றினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அரைத்தால் நொய்யாகக் கொட்டும். கொஞ்சம் உலர்த்தி, ஆறப்போட்டு, உள்ளீரம் வெளியே வந்தபின் மறுபடி உலர்த்த வேண்டும். எவ்வளவு நேரம் ஆறப்போடுவது என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

நூர்ஜஹான், நாகப்பட்டினம்

இதைவிட என்ன வேண்டும்! இதை இயல்பான தமிழ் வரிசையில் எழுதினால்:

"குறுவை ஈரநெல்லில் நொய் குறைக்கும் அரிசி ஆலை உற்பத்தி மேலாளர்"

வாக்கியம் அழகு. ஆனால் கைப்பேசியில் "குறுவை ஈரநெல்லில் நொய் கு…" என்று நிற்கும். பார்ப்பவர் உங்களை நொய் வியாபாரி என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. திருப்பிப் போடுங்கள்:

"அரிசி ஆலை உற்பத்தி மேலாளர் | குறுவை ஈரநெல்லில் நொய் குறைப்பு"

எங்கே வெட்டினாலும் ஆள் யார் என்பது நிற்கிறது. நடுவில் ஒரு கோடு போதும். கோட்டுக்குப் பின்னால் ஒரே வல்லமை. மூன்று நான்கு அடுக்கினால் எது முதன்மை என்று தெரியாது.

இன்னொன்று. வேலை மாறும்போது அனுபவப் பகுதியில் புதிய பணியைச் சேர்த்தால் இந்த வரியையும் மாற்றட்டுமா என்று கேட்கும். கவனிக்காமல் விட்டால் நீங்கள் செதுக்கிய வரி போய், வெறும் பதவியும் நிறுவனப் பெயரும் வந்து உட்கார்ந்துவிடும்.

ராமலிங்கம், தஞ்சாவூர்

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். முதலாம் இராசராசனின் தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகளில் நீண்ட மெய்க்கீர்த்தி கிடையாது. "காந்தளூர்ச் சாலை கலமறுத்த" என்ற ஒரே செயல், உடனே பெயர். ஒரு வல்லமை மட்டும் என்ற உங்கள் விதி அங்கேயே இருக்கிறது, வரிசைதான் தமிழ் வரிசை.

220 என்பது தமிழில் 220 எழுத்துத்தானே?

மீனாட்சி, கும்பகோணம்

இல்லை ஐயா, அதை நான் சொல்கிறேன். யூனிகோடில் ஒற்றும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறிகள். அகரம் ஏறியவை மட்டும் ஒன்று. பைத்தானில் பாருங்கள்:

```
len("பொறியாளர்")   # 9
```

நம் கணக்கில் ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. சில விசைப்பலகைகள் "பொ"வில் கொம்பையும் காலையும் தனித்தனியாக இடும்; அப்போது பத்தாகிவிடும். செந்திலின் புதிய வரி இடைவெளி, கோடு எல்லாம் சேர்த்து 60 குறிகள். கால்வாசிக்குச் சற்று மேல்தான், இடம் தாராளம். எழுதும் பெட்டியில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும்.

சொல்லுக்கு வருவோம். "பணித்தலைப்பு" என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். பணி என்று தொடங்கினால் பதவியை மட்டும் எழுதி நிறுத்திவிடுவார்கள் என்று தயங்குகிறேன். "முகப்புவரி" எப்படி?

நூர்ஜஹான், நாகப்பட்டினம்

முகப்புவரிக்கு என் வாக்கு. எங்கே இருக்கிறது என்று சொல்கிறது, என்ன எழுத வேண்டும் என்று தவறாக எதையும் சொல்லவில்லை. அதன் இரு பாதிகளையும் கையேட்டில் "பணி", "வல்லமை" என்று தனியே சொல்லிக்கொடுங்கள்.

ராமலிங்கம், தஞ்சாவூர்

வல்லமை பிள்ளைகளைப் பெரிதாகப் பேசத் தூண்டும். "கைத்திறன்" அடக்கமான சொல். செந்தில் சொன்னதும் கைத்திறன்தானே.

நூர்ஜஹான், நாகப்பட்டினம்

கணக்கு எழுதுபவருக்குக் கைத்திறன் என்றால் கைவினைப் பொருள் செய்பவர்போல் ஆகிவிடும் ஐயா. எனக்கு ஒப்பவில்லை.

செந்தில், மன்னார்குடி

வரியை மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம். சென்னையிலிருந்து தேடுபவர் ஆங்கிலத்தில்தானே தட்டச்சு செய்வார்? தமிழில் மட்டும் இருந்தால் நான் சிக்குவேனா?

நூர்ஜஹான், நாகப்பட்டினம்

சிக்குவது கடினம். வெளியூர் வேலைதான் குறி என்றால் கோட்டுக்கு முன்னால் பணியை ஆங்கிலத்தில் வைத்து, வல்லமையை மட்டும் தமிழில் வையுங்கள். சுற்றுவட்ட ஆலைக்காரர்களும் நெல் வியாபாரிகளும் பார்த்தால் போதும் என்றால் முழுதும் தமிழிலேயே இருக்கட்டும்.

மீனாட்சி, கும்பகோணம்

"முகப்புவரி"யைக் கையேட்டில் போட்டுவிடுகிறேன். வல்லமையா கைத்திறனா என்பதை இன்னும் சிலர் எழுதட்டும்.

இடையில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. சுவாமிமலையில் ஐம்பொன் வார்க்கும் ஒருவரின் மகள் அப்பாவுக்குப் பக்கம் தொடங்குகிறாள். "ஸ்தபதி" என்பதிலேயே பணியும் வல்லமையும் அடங்கிவிட்டதே, கோட்டுக்குப் பின்னால் என்ன எழுதுவது என்று கேட்கிறாள். மெழுகுக் கரு, வண்டல் மண் பூச்சு, உள்ளீடற்றதாக இல்லாமல் கனமாக வார்ப்பது, இவை அங்கே பலரும் செய்வது. அவர் எதில் தனித்து நிற்கிறார் என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

கலியமூர்த்தி, திருவாரூர்

முகப்புவரி என்றால் வீட்டு முகப்புக்குப் போடும் வரி இல்லையே?