பணம் கட் ஆயிடுச்சு, ஆர்டர் ஃபெயில்: எத்தனை நாள் பொறுக்கலாம்?

ரெட்டைச்சுழி
6ஆம் தேதி வெள்ளி ராத்திரி 9.40. ஒரு ஷாப்பிங் ஆப்ல ₹1,840க்கு ஆர்டர். பின் நம்பர் போட்டு திரும்பி வந்தா, சுத்திக்கிட்டே இருந்து கடைசியில Payment failed. அந்தச் சிவப்பு எழுத்துக்கு மேலேயே பேங்க் மெசேஜ் வந்து விழுது, ₹1,840 டெபிட்னு. ரெண்டும் ஒரே ஸ்கிரீன்ல. சலுகை போயிடுமேன்னு உடனே மறுபடி கட்டினேன், அது ஓகே ஆயிடுச்சு. இப்ப மொத்தம் ₹3,680 போயிருக்கு, வரப்போறது ஒரே பொருள். கஸ்டமர் கேர் "எங்களுக்குப் பணமே வரலை" என்கிறான். பேங்க் "எங்க பக்கம் சக்சஸ்" என்கிறான். முதல்ல யாரைப் பிடிக்கணும், எப்ப பிடிக்கணும்?

குமரிமுனை
ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு பாஸ். 5 வேலை நாள். தாண்டினா ஒரு நாளைக்கு ₹100 பேங்க் தரணும். சனி, ஞாயிறைக் கழிச்சுட்டு அடுத்த வெள்ளி வரைக்கும் பேசாம இருங்க.

கவுன்ட்டர் நம்பர் 3
₹100 சரி, வேலை நாள் தப்பு. 2019 செப்டம்பர் சுற்றறிக்கையில காலண்டர் நாள்னுதான் இருக்கு. கட்டின நாள் கணக்குல பூஜ்யம். கடைக்குக் கட்டினதுன்னா அதுக்கப்புறம் 5 நாள். 6ஆம் தேதி கட்டினது 11ஆம் தேதி புதனுக்குள்ள திரும்பணும், 12லிருந்து ₹100 ஓடும். லீவு நாளும் எண்ணிக்கையில உண்டு. அந்த ₹100ஐயும் நாம மனு போடாமலே வரவு வைக்கணும்னு இருக்கு. நடைமுறையில கேட்டாத்தான் கிடைக்குது, அது வேற கதை.

ஆனா ரெட்டைச்சுழி, நாள் எண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ஷாப்பிங் ஆப் சொல்றதை விடுங்க, யுபிஐ ஆப்ல ஹிஸ்டரியைத் திறந்து அந்த ₹1,840க்கு என்ன போட்டிருக்குன்னு பாருங்க. Failed-னு இருந்தா பணம் கடைக்குப் போகவே இல்லை, உங்க பேங்க்ல எடுத்ததை அவங்களே திருப்பிப் போடணும். பாதி கேஸ் அன்னிக்கே வந்துடும். Pending-னா யாருக்கும் இன்னும் தெரியலைன்னு அர்த்தம், அதுவரைக்கும் ரெண்டாவது தடவை கட்டக்கூடாது. சும்மா சும்மா ஸ்டேட்டஸ் அழுத்தியும் பிரயோஜனம் இல்லை. 2025 ஆகஸ்ட்லேர்ந்து ஒரு பேமென்ட்டுக்கு மூணு தடவைதான், நடுவுல 90 நொடி இடைவெளி விட்டு. Success-னு இருந்தா பேங்க் சொல்றது நிஜம். பணம் கடைக்காரன் பக்கம் நிக்குது.

ரெட்டைச்சுழி
Success-னுதான் இருக்கு. ரெண்டுமே.

பார்சல் கட்டுறவன்
அப்ப கஸ்டமர் கேர் பொய் சொல்லலை, அவங்களுக்குத் தெரியலை. போன் எடுக்கிறவங்க ஸ்கிரீன்ல ஆர்டர் மட்டும்தான் வரும். ஆர்டர் ஃபெயில்னா பணம் வரலைன்னு படிப்பாங்க. நிஜத்துல நடந்தது: ஆர்டர் பக்கம் சில நிமிஷம்தான் காத்திருக்கும். அதுக்குள்ள பேங்க்லேர்ந்து பதில் வரலைன்னா ஆர்டரை மூடிடும். பதில் அதுக்கப்புறம் வந்து சேரும். பணம் கடைக்காக வசூல் பண்ற பேமென்ட் கேட்வேல இறங்கிடும், ஒட்டிக்க ஆர்டர் இருக்காது. சில கடை அதைத் தானா ரீஃபண்ட் போடுற மாதிரி செட் பண்ணி வச்சிருக்கும். சில கடையில யாராவது பார்த்துத் தட்டிவிடணும்.

அதனால ஆர்டர் நம்பரைச் சொல்லாதீங்க. யுபிஐ ஆப்ல அந்தப் பேமென்ட்டைத் தொட்டா 12 இலக்க எண் இருக்கும், யுடிஆர்னு போட்டிருக்கும். அதைக் கொடுத்து "இதைக் கேட்வேல தேடுங்க"ன்னு எழுத்துல கேளுங்க. போன்ல சொன்னா ஒரு இலக்கம் மாறும், திரும்ப முதல்லேர்ந்து. ரெண்டு பேமென்ட்டுக்கும் தொகை ஒண்ணுங்கிறதால எந்த எண் 9.40உடையதுன்னு நேரத்தோட எழுதுங்க. மாத்திக் கொடுத்தா ஓடிக்கிட்டிருக்கிற ஆர்டரை கேன்சல் பண்ணிடுவாங்க.

ரீஃபண்ட் போட்டாச்சுன்னு சொன்னா அதுக்கு வேற 12 இலக்க எண் உண்டு. அதையும் வாங்குங்க. அந்த எண்ணைத் தரமுடியலைன்னா இன்னும் போடலை.

செவ்வந்தி
மெடிக்கல் ஷாப்ல ₹620, டெபிட் மெசேஜ் வந்துருச்சு, ஸ்பீக்கர் பெட்டி சத்தமே போடலை. கடைக்கார அண்ணன் பெட்டியையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு, நான் போனையே பார்க்கிறேன். பின்னாடி வரிசை. ரொக்கம் கொடுத்துட்டு வந்தேன். அதுக்கும் 5 நாளா?

குமரிமுனை
ஆமா, 5.

கவுன்ட்டர் நம்பர் 3
எல்லாத்துக்கும் 5 இல்லை, குமரிமுனை. ஸ்கேன் பண்ணப்ப கடை பேர் வந்துச்சா, ஆள் பேர் வந்துச்சா? சின்னக் கடை நிறைய சொந்த அக்கவுன்ட் க்யூஆரைத்தான் ஒட்டியிருக்கு. அது தனியாளுக்கு அனுப்பினதா கணக்கு. அவர் அக்கவுன்ட்ல ஏறலைன்னா மறுநாளுக்குள்ள திரும்பணும், அதுக்கு மேல அதே ₹100. ஆனா உங்களுது Pending-ல இருந்து அப்புறம் அவருக்கே ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படின்னா பேங்க்லேர்ந்து எதுவும் வராது, அண்ணன்கிட்ட ரெண்டு தடவை போயிருக்கு. உங்க ஸ்டேட்மென்ட்ல அதே 12 இலக்க எண்ணோட வரவு வந்திருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கடைக்குப் போய், அன்னைய தேதிக்கு அவர் பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்க. பெட்டி சத்தம் போடாததை வச்சு முடிவு பண்ணாதீங்க, அதுக்கு நெட் இல்லைன்னாலும் ஊமையாத்தான் இருக்கும்.

வெள்ளைச்சட்டை
எனக்கு ஒரு தடவை ரீசார்ஜ்ல போச்சு, வந்துருச்சு. யாரும் கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீங்க. மேல வர்றதுல போலி நம்பர் கலந்திருக்கு. "ரீஃபண்ட் அனுப்புறோம், பின் போடுங்க" என்பான். பணம் வாங்க பின் எப்பவுமே வேண்டாம். பின் கேட்டா அது உங்ககிட்டேர்ந்து எடுக்கிறதுக்குத்தான். ஸ்கிரீன் பகிரும் ஆப் போடச் சொன்னா வைங்க போனை. ஆப்புக்குள்ள இருக்கிற ஹெல்ப் மட்டும். ஏமாந்து பின் போட்டுட்டீங்கன்னா சைபர் குற்றப் புகார் நம்பர் 1930க்கு உடனே அடிங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. அந்த 12 இலக்க எண்ணையும் முகநூல்ல, எக்ஸ்ல கடையை டேக் பண்ணிப் போடாதீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் கடை பேருல கூப்பிடுவான்.

குமரிமுனை
கேட்ட கேள்வி எத்தனை நாள்னு. சரி, வேலை நாள்னு சொன்னது தப்புதான். ஆனா ரெட்டைச்சுழிக்கு அந்த ₹100 உண்டா? விதியில "அக்கவுன்ட்ல கழிஞ்சது, கடைக்கு உறுதி போகலை"ன்னுதானே இருக்கு. கடைக்கு உறுதி போகலையே.

கவுன்ட்டர் நம்பர் 3
போச்சு, லேட்டா. பேங்க் அதைத்தான் சொல்லும்: எங்க பக்கம் முடிஞ்சுது, இனி கடையோட ரீஃபண்ட். நீங்க சொல்ற மாதிரி வாதாடலாம், ஜெயிக்கும்னு நான் சொல்லமாட்டேன். Failed கேஸ்ல அந்த வாதமே தேவையில்லை.

ரெட்டைச்சுழி, இன்னைக்கே கடைக்கு எழுதிடுங்க, அதுக்கு 5 நாள் காத்திருக்க அவசியமே இல்லை. 11 தாண்டியும் ரீஃபண்ட் எண் வரலைன்னா, யுபிஐ ஆப்ல அதே பேமென்ட்டுக்குக் கீழ புகார் போடுங்க, கூடவே பேங்க்குக்கு மெயில். புகார் எண்ணும் தேதியும் கையில இருக்கணும். பேங்க் 30 நாள்ல பதில் தரலைன்னாலோ, தந்தது திருப்தியில்லைன்னாலோ cms.rbi.org.in-ல ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மன்கிட்ட புகார் போடலாம். பேங்க்கிட்ட முதல்ல எழுதலைன்னா அங்க எடுக்கமாட்டாங்க.

ரெட்டைச்சுழி
9.40 எண்ணைப் போட்டு மெயில் அனுப்பிட்டேன். ஒரு மணி நேரத்துல பதில்: "பணம் எங்களிடம் உள்ளது, ரீஃபண்ட் துவக்கப்பட்டது, 5 முதல் 7 வேலை நாட்கள்." 12 இலக்க எண் தரலை.

பார்சல் கட்டுறவன்
அப்ப இன்னும் போடலை. நாளைக்குக் காலையில அதே மெயிலுக்குக் கீழ எண்ணை மட்டும் கேளுங்க.