கலைச்சொல் வேண்டும்: "இன்டெக்ரிட்டி" என்றால் நேர்மையா?

செல்வம்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு வங்கிச் செயலியின் தமிழ்ச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ரூட் செய்த, அதாவது முழு நிர்வாக உரிமையை எடுத்துக்கொண்ட போனில் உள்நுழைய முயன்றால் இப்போது வருவது: "உங்கள் சாதனம் நேர்மை தவறியுள்ளது." போன் என்ன, லஞ்சமா வாங்கியது? பின்னால் ஓடுவது கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை. MEETS_DEVICE_INTEGRITY என்ற விடை வராவிட்டால் செயலி கதவைச் சாத்திவிடும். "நம்பகம்" என்று போடலாமா?

மல்லிகா:
நம்பகம் வேண்டாம் தம்பி. ஆள் நல்லவரா என்று அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. தயாரிப்பாளர் கையெழுத்திட்ட மென்பொருள் அப்படியே இருக்கிறதா, போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் பூட்டியிருக்கிறதா, இவ்வளவுதான். சிலிண்டர் வந்ததும் சீல் பார்த்து வாங்குகிறோமே, அது மாதிரி. என் ஓட்டு "கலையாமை"க்கு.

சுந்தரம்:
எனக்கும் இதே தொல்லை அம்மா. ஓய்வூதியக் கணக்கில் கடவுச்சொல்லை மூன்று தடவை தப்பாக அடித்தேன், உள்ளே விடவில்லை. மறுநாள் தானாகச் சரியாகிவிட்டது. இதற்கு "முடக்கம்" என்ற நல்ல சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

செல்வம்:
ஐயா, உங்களுடையது கணக்கின் மேல் விழுந்த பூட்டு. எந்தப் போனில் போனாலும் தடுக்கும், பொறுத்திருந்தால் திறக்கும். இது போனின் மேல் விழுவது. கணக்கு நன்றாகவே இருக்கும், பக்கத்து வீட்டுப் போனில் திறக்கும், ஆனால் இந்தப் போனில் ஒரு மாதம் காத்திருந்தாலும் திறக்காது. நீங்கள் சொன்னதும் நல்லதாகப் போயிற்று. "முடக்கம்" கணக்குக்கே இருக்கட்டும், இங்கே "சாதனத் தடை" என்று பிரித்துவிடுகிறேன்.

இக்பால்:
இவ்வளவு யோசிக்க வேண்டுமா? ரூட்டால் வந்தது, ரூட்டை எடுத்தால் போகும். ரூட் செய்ய உதவிய மேஜிஸ்க்கை நீக்கு, ஒரு ஃபேக்டரி ரீசெட் போடு, முடிந்தது. "வேர்நீக்கம்" என்றே வைக்கலாம்.

மல்லிகா:
பாதிதான் சரி இக்பால். போன வருடம் என் பழைய பிக்சலில் இதையேதான் செய்தேன். மேஜிஸ்க் போனது, ரீசெட்டும் ஆனது, வங்கிச் செயலி மட்டும் அசையவில்லை. கணினியில் இணைத்துப் பார்த்தேன்:

```
adb shell getprop ro.boot.verifiedbootstate
orange
```

ஆரஞ்சு என்றால் பூட்லோடர் இன்னும் திறந்தே கிடக்கிறது. ரீசெட் என் படங்களைத்தான் அழித்தது, பூட்டைத் தொடவே இல்லை. பிறகு அந்த மாடலுக்கான கூகுளின் மூல இமேஜை முழுசாக பிளாஷ் செய்து, ஒருமுறை ஒழுங்காக பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியில் இது:

```
fastboot flashing lock
```

போன் மறுபடி முழுக்க அழிந்தது. அடுத்த தடவை கேட்டபோது green வந்தது. செயலியும் திறந்தது, சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போய்ப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வரிசை மட்டும் மாறக் கூடாது. மாற்றிய இமேஜ் உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் பூட் ஆகாமல் நின்றுவிடும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பூட்டைத் திறக்க அனுமதிக்கும் OEM unlocking-ஐ அதற்கு முன்பே அணைத்திருந்தால் திரும்பத் திறக்கவும் வழியிருக்காது. எல்லாம் சரியான பிறகுதான் அந்த ஆப்ஷனை அணைக்க வேண்டும்.

இக்பால்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த green-ஐயே மேஜிஸ்க் பொய்யாகக் காட்ட வைக்கலாமே?

மல்லிகா:
காட்டலாம், அந்தக் கட்டளையை ஏமாற்றுவது எளிது. ஆனால் பூட்டின் நிலையைச் சிப்பே தன் சாவியால் கையெழுத்திட்டுச் சொல்லும் வழியும் இருக்கிறது, அதை ஏமாற்றுவது அவ்வளவு லேசில்லை. ரூட்டை மறைக்கும் மாட்யூல்கள் ஒரு வாரம் ஓடி அடுத்த வாரம் படுப்பது பெரும்பாலும் இதனால்தான்.

நிவேதா:
கணினிக்குள் போன் போலவே ஓடும் எமுலேட்டரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நான் செயலிகளைச் சோதிப்பவள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ எமுலேட்டரில் அதே தடைதான் வரும், ஆனால் அங்கே திரும்பப் பூட்ட எந்தப் பூட்டும் இல்லை. எங்கள் செயலி என்றால் பிளே கன்சோலில் சோதனைக் கணக்குக்கு வேண்டிய விடையை அமைத்துக்கொள்வோம். பிறர் செயலிக்கு நிஜ போன்தான். அதனால் "சாதனத்தைச் சீர்செய்க" என்று பொதுவாக எழுதாதீர்கள். எமுலேட்டருக்கு "போலிபோன்" வைக்கலாமா?

இக்பால்:
போலிபோன் என்றால் பர்மா பஜார் டூப்ளிகேட் என்று நினைப்பார்கள்!
அப்புறம் அக்கா, "கலையாமை"யில் எனக்கு ஒரு இடறல். உங்கள் பிக்சல் ஒருமுறை கலைந்ததுதானே? சோதனை இப்போதைய நிலையை மட்டும் கேட்கிறது, சொல்லோ என்றுமே கலையாதது போல ஒலிக்கிறது. "மூலநிலை" எப்படி?

மல்லிகா:
சாம்சங்கில் சில வசதிகளுக்குப் பழைய நிலையும் கணக்கில் வரும். அங்கே மாற்றப்பட்ட மென்பொருளைப் போட்டால் எரியும் நாக்ஸ் ஃபியூஸ் ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான், மூல மென்பொருளைத் திரும்பப் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர் வராது. "மூலநிலை"யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ரூட்டையே "மூல அணுக்கம்" என்று எழுதுகிறார்களே, மூல அணுக்கம் உள்ள போன் மூலநிலையில் இல்லை என்றா சொல்வது?

செல்வம்:
இன்று மாலைக்குள் கோப்பை அனுப்ப வேண்டும். இப்போதைக்கு இப்படிப் போடுகிறேன்: "இந்தப் போனின் மென்பொருள் மாற்றப்பட்டுள்ளது அல்லது பூட்லோடர் திறந்துள்ளது. உங்கள் கணக்கு முடக்கப்படவில்லை. வேறு போனில் உள்நுழையலாம்." எமுலேட்டருக்குத் தனிச் செய்தி. கலையாமையா மூலநிலையா என்பது அடுத்த பதிப்புக்கு.

சுந்தரம்:
அப்படியானால் என் போனைப் பூட்ட வேண்டாம்தானே?