வேட்டிக் கரையின் சரிகை: ஒரே ரோ கோப்பில் கிளிப் ஆன ஒளியை எவ்வளவு தூரம் மீட்கலாம்? (அனுபவப் பகிர்வு)

தெகிவளையான்

வெள்ளவத்தையில் ஒரு திருமணம். மாப்பிள்ளைக்கு வாசலில் ஆலாத்தி எடுக்கும்போது மேகம் விலகிக் காலை வெயில் அவருடைய பட்டு வேட்டியில் நேராக விழுந்தது. அந்தக் கணத்துக்கு ஒரே ஒரு ரோ கோப்புத்தான் இருக்கிறது. லைட்ரூமில் வெளிச்சத்தைக் குறைத்தபோது வேட்டியின் மடிப்புகள் அழகாகத் திரும்பி வந்தன. ஆனால் கரையிலுள்ள தங்கச் சரிகை சாம்பல் கலந்த வெள்ளையாகவே நின்றது. மாப்பிள்ளையின் தாயார் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தங்கச் சரிகை வேட்டி. ஏன் வெள்ளிச் சரிகை மாதிரித் தெரியுது?" என்று கேட்டார். அதே வெயிலில், அதே கோப்பில், துணி மீண்டதும் சரிகை மீளாததும் ஏன் என்பது இன்னும் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது. RawDigger மென்பொருளில் எடுத்த அளவுகளைக் கேட்டால் தருகிறேன்.

கடலோரன்

ரோவில் எப்போதும் இரண்டு ஸ்டொப் கையிருப்பு உண்டு. காலிமுகத்திடலில் அந்திச் சூரியனை எடுத்தபோது கமராவின் திரையில் பாதி வானம் எச்சரிக்கையாக மினுங்கியது. வீட்டுக்கு வந்து இரண்டு ஸ்டொப் இறக்கியதும் செம்மேகங்கள் முழுவதும் வந்துவிட்டன. சூரியன் மட்டும் ஒரு சாம்பல் நிறத் தட்டாக மாறியது. அதைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையமும் இருந்தது. சூரியனை யாராலும் மீட்க முடியாது, அதை விட்டுவிடலாம். உங்கள் சரிகையை நீங்கள் போதிய அளவு இறக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

கொச்சிக்கடை ரவி

கடலோரன் சொல்லும் மேகங்கள் மீண்டது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு ஸ்டொப் ரோவின் நிலையான கையிருப்பு அல்ல. படத்திலுள்ள பொருளின் நிறத்தையும் அதன் மேல் விழும் ஒளியையும் பொறுத்து அது மாறும். கமராவின் எச்சரிக்கை, வெண்சமநிலைப் பெருக்கம் முடிந்த ஜேபெக்கைப் பார்த்தே மினுங்குகிறது. பகல் வெளிச்சத்தில் பல கமராக்களில் சிவப்புச் சனல் ஏறத்தாழ இரண்டால் பெருக்கப்படுகிறது. ஆகவே செம்மேகமோ கூறைச் சேலையோ சிவப்பில் கிளிப் ஆனதாகத் திரை காட்டும் வேளையில், சென்சரில் சிவப்பு பாதியளவுதான் நிரம்பியிருக்கக்கூடும். உங்களுக்குக் கிடைத்த கையிருப்பில் ஒரு ஸ்டொப் அதுவே. வெள்ளைத் துணிக்கு அந்தச் சலுகை இல்லை, ஏனெனில் அங்கே முதலில் நிரம்புவது பெருக்கப்படாத பச்சை. அதே கூறையை மண்டபத்தின் மஞ்சள் பல்புகளின் கீழ் எடுத்தால் சிவப்பின் பெருக்கம் 1.3 அளவுக்கு இறங்கிவிடும். கையிருப்பும் அதனோடு சுருங்கும்.

தெகிவளையான், மடிப்பிலும் சரிகையிலும் மூன்று சனல்களின் அளவையும் தனித்தனியே தாருங்கள். ஐஎஸ்ஓ எவ்வளவு என்பதும் தேவை. பெரும்பாலான கமராக்களில் நீட்டிக்கப்பட்ட ஐஎஸ்ஓ 50 என்பது 100இல் எடுத்ததை ஒரு ஸ்டொப் இறக்கிக் காட்டுவதுதான். அதில் எடுத்திருந்தால் ஒரு ஸ்டொப் ஏற்கனவே போய்விட்டது.

தெகிவளையான்

ஐஎஸ்ஓ 100. கறுப்பு மட்டத்தைக் கழித்த பிறகு இந்தக் கோப்பில் எந்தச் சனலும் 15,800ஐத் தாண்டவில்லை. மிகப் பிரகாசமான மடிப்பில் பச்சை அந்த எல்லையில் நிற்கிறது. சிவப்பு 10,200, நீலம் 13,000. சரிகையில் பச்சை அதே எல்லை, சிவப்பு 14,500, நீலம் 5,000. பெருக்கங்கள் சிவப்புக்கு 2, நீலத்துக்கு 1.5.

கொச்சிக்கடை ரவி

உங்கள் கேள்விக்கான விடை இந்த எண்களிலேயே இருக்கிறது. மடிப்பில் சிவப்பை இரண்டால் பெருக்கினால் 20,400. நீலத்தை ஒன்றரையால் பெருக்கினால் 19,500. தப்பிய இரண்டு சனல்களும் ஏறத்தாழ ஒரே அளவைச் சொல்வதால் அந்த இடம் வெண்மைக்கு அருகிலுள்ள நிறம் என்பதும், பச்சை உண்மையில் 20,000 அளவில் இருந்திருக்கும் என்பதும் தெரிகின்றன. பச்சை இழந்தது ஒரு ஸ்டொப்பில் மூன்றில் ஒரு பங்குதான். மீட்பு எதுவும் செய்யாமல் வெளிச்சத்தை மட்டும் இறக்கிப் பாருங்கள். பச்சை 15,800இலேயே நிற்பதால் மடிப்பு இளஞ்சிவப்பாகும். அந்த நிறத்தைக் கண்டால் ஒரு சனல் மட்டும் போயிருக்கிறது, மீட்க இடமுண்டு என்று கொள்ளலாம்.

சரிகையில் சிவப்பு 29,000 ஆகிறது, நீலம் 7,500. இரண்டும் எந்த வகையிலும் ஒத்துப்போகவில்லை. பச்சை 15,800க்கு மேல் எங்கோ இருந்தது என்பதைத் தவிர வேறு தகவல் கோப்பில் கிடையாது. அது 16,000 என்றால் சரிகை செம்பு நிறம். 29,000ஐ நெருங்கினால் எலுமிச்சை மஞ்சள். இரண்டுக்கும் இடையில் எது உண்மை என்று எந்த ஸ்லைடராலும் சொல்ல முடியாது. பல மென்பொருள்கள் இத்தகைய இடத்தில் நிறத்தைக் கைவிட்டு வெண்மையை நோக்கி இழுத்துவிடுகின்றன. அந்தத் தாயார் கண்டது அதைத்தான். சரிகையின் கீற்றுகள் மின்னும் புள்ளிகளில் சிவப்பும் எல்லையைத் தொட்டிருக்கும். அங்கே நீலம் மட்டுமே மிச்சம். மூன்றும் தொட்ட இடத்தில் மடிப்போ நெசவோ எதுவும் பதிவாகவில்லை. கடலோரனின் சாம்பல் தட்டு அதுதான்.

பம்பலப்பிட்டி ஸ்டூடியோ

இத்தனை கணக்கு எதற்கு? கோயில் கருவறை வாசலையும் வெளி வெயிலையும் ஒரே படத்தில் கொண்டுவர நான் எப்போதும் முக்காலியில் நிறுத்தி, ஒன்று சாதாரணமாகவும், ஒன்று இரண்டு ஸ்டொப் குறைத்தும், ஒன்று இரண்டு ஸ்டொப் கூட்டியும் எடுத்து இணைத்துவிடுகிறேன். துளைவிட்டத்தை மாற்றாமல் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பின்னணியின் மங்கல் படத்துக்குப் படம் வேறுபடும். ரிமோட் இல்லாதவர்கள் இரண்டு விநாடித் தாமதத்தைப் பயன்படுத்தலாம். ஆட்கள் அசைந்தால் இரட்டை உருவம் விழும் என்பதால் அவர்களை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள்.

கடலோரன்

ஆலாத்தி எடுப்பவரை எப்படி அசையாமல் நிற்கச் சொல்வது? அவரிடம் இருப்பதே ஒரு கோப்புத்தான். ரவி சொன்ன சிவப்புக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் darktable மென்பொருளில் `inpaint opposed` முறையைப் போட்டால் சரிகைக்கு ஓரளவு மஞ்சள் வருகிறதே, அது மீட்பு இல்லையா?

கொச்சிக்கடை ரவி

அந்த முறை, கிளிப் ஆன பகுதிக்குப் பக்கத்தில் கிளிப் ஆகாமல் இருக்கும் புள்ளிகளின் நிறத்தைப் பார்த்து, இழந்த சனலை ஊகிக்கிறது. வேட்டிக் கரையின் ஒரு பகுதி நிழலில் இருந்தால் அங்கே சரிகையின் மூன்று சனல்களும் தப்பியிருக்கும். ஊகத்துக்கு நல்ல அடிப்படை கிடைக்கும். ஆயினும் சரிகை உலோகப் பளபளப்பு உடையது. நிழலில் அது வானத்தின் நீலத்தைப் பிரதிபலிக்கும், வெயிலில் சூரியனை. ஆகவே இரண்டு இடங்களிலும் சனல்களின் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கிடைக்கும் மஞ்சள் நம்பும்படியாக இருக்கலாம். அது அளந்த நிறம் அல்ல. மடிப்பின் பச்சையைக் கணக்கிட்டதையும் இதையும் நான் ஒரே பெயரால் அழைக்க மாட்டேன்.

அல்பம் வடிவமைப்பாளர்

அச்சுக்கு அனுப்புபவள் என்ற முறையில் எனக்கு இந்தப் பிரிவினை அவ்வளவு அவசியமாகத் தோன்றவில்லை. அதே வேட்டியை மண்டபத்தினுள் எடுத்த வேறு படத்திலிருந்து சரிகையின் நிறத்தை எடுத்து, மெல்லிய அளவில் தூரிகையால் பூசுவேன். அந்தத் தாயாருக்கு வேண்டியது தங்கம். அது தங்கம்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கொச்சிக்கடை ரவி

பூசுவதை நான் மறுக்கவில்லை. மண்டப விளக்கின் கீழ் எடுத்த நிறத்தை வெயிலுக்குக் கொண்டுவருவதற்கு முன் அந்தப் படத்தின் வெண்சமநிலையைச் சரிசெய்யாவிட்டால் சரிகை செம்பாகிவிடும். அத்துடன், நிறம் பூசலாம். கிளிப் ஆன இடத்தில் நெசவின் கீற்றுகளை வரையக் கூடாது என்பது என் எல்லை.

தெகிவளையான்

கரையின் கீழ்ப்பகுதி நிழலில்தான் இருக்கிறது. அங்கே மூன்று சனல்களும் எல்லைக்குள் உள்ளன. அந்த நிறத்தை எடுத்து வெயில் பட்ட பகுதியில் பாதி வலுவில் பூசியிருக்கிறேன். மின்னும் புள்ளிகளை வெள்ளையாகவே விட்டுவிட்டேன். தாயாரிடம் படத்தைக் கொடுக்கும்போது, மடிப்பு கமரா பதிந்தது, சரிகையின் நிறம் நான் சேர்த்தது என்று சொல்லப்போகிறேன். அல்பம் வடிவமைப்பாளர் இதைத் தேவையற்றது என்பார். பெரிய அளவில் அச்சிடும்போது அந்த வெள்ளைப் புள்ளிகள் மையே படாத வெறும் தாளாகத் தெரியுமா என்பதை மட்டும் அவரிடம் கேட்க விரும்புகிறேன்.